வாட்டில் இருக்கும் சக ஊழியருக்குப் பதில் எதிர்பாராமல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தின் நலன்புரிச் சங்கச் செயலாளராக இருந்த ஆண்டுகளில், யாராவது வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டதும் என் மேசைக்கு வந்து "என்ன எழுதி அனுப்புவது?" என்று கேட்டவர்கள் பலர். அதற்கிடையில் ஒரு மாரி காலத்தில் நானே டெங்குக் காய்ச்சலோடு ஒரு கிழமை வாட்டில் கிடந்தேன். அப்போது எனக்கு வந்த அன்பான செய்திகளில் பாதிக்கு மேற்பட்டவை எனக்கு வேலை வைத்தவை. கீழேயுள்ள பதில்கள் அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தவற்றையும் பின்னர் அலுவலகத்தில் கேட்டவற்றையும் சேர்த்து எழுதப்பட்டவை.

"கெதியா சுகமாகி வாங்க" என்று போட்டால் போதாதா?

பெரும்பாலும் போதும். அதில் கேள்வி இல்லை, படிப்பவர் செய்ய வேண்டியதும் ஒன்றும் இல்லை. எனினும் "வாங்க" என்ற சொல் அலுவலகத்திலிருந்து வரும்போது வேறு ஒலியைப் பெறுகிறது. "விரைவில் குணமடைந்து கடமைக்குத் திரும்ப வாழ்த்துகிறோம்" என்று நாம் வழக்கமாக எழுதும் வாசகத்தைப் படிப்பவர், தான் எப்போது திரும்புவேன் என்று மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்குகிறார். "அடுத்த கிழமை வந்துவிடுவேன்" என்று எழுதி உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றும். கடமையைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டு "கெதியா சுகம் வரட்டும்" என்று மட்டும் எழுதினால் அந்தச் சுமை இல்லை.

"வாங்க", "வரட்டும்" என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதல்ல. "வாங்க" என்பது எதிரில் இருப்பவரை நோக்கிய ஏவல். "வரட்டும்", "நலம் பெறுக" போன்றவை வியங்கோள். பழைய இலக்கணம் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்ற நான்கையும் வியங்கோளுக்குரிய பொருளாகச் சொல்லும். நமக்கு வேண்டியது அவற்றில் முதலாவது. வாழ்த்து சொல்பவரிடமிருந்து புறப்பட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது, கேட்பவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

சரி, ஒரு மாதிரி எழுதித் தாருங்கள். நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவில் வேலை செய்த ஓர் அக்காவுக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடந்தபோது அவருடைய மேசைக்குப் பக்கத்திலிருந்த தம்பி எழுதியது இது: "அக்கா, ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சதெண்டு அண்ணன் சொன்னார், நிம்மதி. பதிலுக்கு நான் பார்த்திருக்கவில்லை, படுத்து ஓய்வெடுங்கோ. உங்கட சனிக்கிழமைப் பட்டியலை நான் செய்துட்டேன். கெதியா சுகம் வரட்டும்."

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நோய் நிலையைப் பற்றித் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் சொல்லிவிட்டார், ஆகவே அந்த அக்கா விளக்கம் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது, வேலையைப் பற்றிய வரி நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறது, "செய்யவா?" என்று கேட்கவில்லை. மூன்றாவது, பதில் பற்றிய வரி நடுவில் இருக்கிறது, கடைசியில் அல்ல. செய்தியின் கடைசி வரி வாழ்த்தாக இருந்தால் படிப்பவர் மனத்தில் அதுதான் நிற்கும். பதிலைப் பற்றிய பேச்சோடு செய்தி முடிந்தால், வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் கூட, பதிலைப் பற்றிய நினைப்போடுதான் அவர் கைபேசியை வைப்பார்.

நீளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்டில் படுத்திருப்பவர் பெரும்பாலும் பூட்டிய திரையில் தெரியும் அறிவிப்பிலேயே செய்தியைப் படிக்கிறார். அங்கே முழுவதும் தெரிந்துவிட்டால் அவர் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டியதில்லை. திறக்காவிட்டால் உங்கள் பக்கத்தில் நீல டிக் விழாது. டிக் விழாவிட்டால் "பார்த்தும் பதில் போடவில்லை" என்ற குற்ற உணர்வும் அவருக்கு வராது. இரண்டு மூன்று சிறிய வாக்கியங்களில் எழுதுவதன் உண்மையான பயன் இதுதான். நீண்ட செய்தி பாதியில் வெட்டுப்பட்டு, அவரைத் திறக்க வைத்துவிடும்.

எப்படிச் சுகம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினால் மரியாதைக் குறைவு இல்லையா?

இது எங்கள் பக்கத்தில் உண்மையான தயக்கம். சுகம் விசாரிப்பது என்ற சொல்லிலேயே விசாரணை இருக்கிறது. நேரில் கேட்கும்போது அது இலேசானது, ஏனென்றால் "ஓம், பரவாயில்லை" என்று சொல்ல ஒரு விநாடி போதும், முகமும் பாதிப் பதிலைச் சொல்லிவிடும். எழுத்தில் வரும்போது அதே கேள்வி ஒரு வினாத்தாளாகிவிடுகிறது. நான் வாட்டில் இருந்தபோது "இப்ப எப்படி?" என்று ஒரே காலையில் பலர் கேட்டிருந்தார்கள். வலது கையில் சேலைனுக்கான கெனியூலா ஏற்றப்பட்டிருந்தது, ஆகவே இடது கைப் பெருவிரலால் ஒவ்வொருவருக்கும் "பரவாயில்லை" என்று எழுதினேன். உண்மையில் அன்று பரவாயில்லை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

மரியாதையைக் கேள்வியில் காட்டாமல் விளிப்பில் காட்டலாம். "சேர்", "மிஸ்", "அண்ணன்", "அக்கா" என்று நீங்கள் அன்றாடம் அழைப்பது போலவே தொடங்குங்கள். பிறகு "உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம்" என்றோ "உங்கட சுகத்தை அண்ணியிடம் கேட்டு அறிந்துகொண்டேன்" என்றோ எழுதினால் விசாரித்ததாகவும் ஆகிறது, அவரிடம் கேட்காமலும் ஆகிறது.

"பதில் போட வேண்டாம்" என்று எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே?

அந்தச் சொற்களிலேயே எழுதினால் சிலருக்கு அப்படித் தோன்றும், ஏனென்றால் அது தடை. எழுத விரும்பும் நோயாளியையும் அது தடுத்துவிடுகிறது; வாட்டில் பொழுது போகாமல் கதைக்க ஆசைப்படுபவர்களும் இருக்கிறார்கள். பேச்சை அவரிடமிருந்து உங்கள் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்: "நான் பதில் எதிர்பார்க்கவில்லை", "பதிலுக்குப் பார்த்திருக்கமாட்டேன்". இப்போது நீங்கள் சொல்வது உங்களைப் பற்றியது, அவர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது பொய்யாகாது.

"நேரம் கிடைக்கும்போது பதில் போடுங்கோ", "ஏலுமெண்டால் மட்டும் எழுதுங்கோ" என்பவற்றை விட்டுவிடுங்கள். இவை தவணை கொடுக்கின்றனவே தவிரக் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை.

டெங்கு என்று வாட்டில் இருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டதாம். இப்போதாவது கேட்கலாமா, எப்போது துண்டு வெட்டுவார்கள் என்று?

இந்தக் கேள்வி ஒவ்வொரு மாரியிலும் வரும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குவது சுகமானதன் அறிகுறி என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் சிலருக்கு ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். காய்ச்சல் வழக்கமாக 2 முதல் 7 நாட்கள் நீடிக்கும்; அது தணியும் வேளையில் இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கினால், அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை செல்லும். அந்நேரத்தில் குடிப்பதையும் கழிக்கும் சிறுநீரையும் அளந்து எழுதுவார்கள், இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள், இரவிலும் எழுப்புவார்கள். அந்த நேரத்தில் "காய்ச்சல் விட்டிட்டாமே, எப்ப வாறீங்க?" என்று வரும் செய்தி நோயாளியின் நிலைக்குச் சற்றும் பொருந்தாதது.

என்னுடைய விடயத்தில் நான்காம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை என்று ஒருவர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். அன்று பிற்பகல் வந்த செய்திகள் எல்லாம் வாழ்த்துகளும், திரும்பும் திகதியைப் பற்றிய கேள்விகளுமாக இருந்தன. அதே பிற்பகலில்தான் குருதிச் சிறுதட்டு குறைந்துகொண்டு போகிறது என்று வைத்தியர் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்களுக்குப் பின்னால் இருந்த வலியில் திரையைப் பார்ப்பதே கடினமாக இருந்தது. எனக்கு அன்று ஏற்றதாக இருந்த ஒரே செய்தி, எங்கள் பியோன் அண்ணன் எழுதிய மூன்று சொற்கள்: "மிஸ், கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஓய்வெடுங்கோ."

ஆகவே டெங்கு என்று தெரிந்தால் "காய்ச்சல்", "வீடு", "எப்போது" ஆகிய மூன்றையும் செய்தியில் தொடாமல் விடுங்கள். துண்டு வெட்டும் நாளைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் மட்டுமே, அவர் லீவுப் படிவத்தைக் கையாளுபவர். அவரும் வீட்டாரிடம் கேட்டால் போதும்.

எழுத எனக்கு வராது. குரல் பதிவு அனுப்பலாமா?

குரலில் அன்பு கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் கேட்க வேண்டுமென்றால் அவர் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்களுக்குக் கேட்காமல் காதில் வைக்க வேண்டும், முடியும்வரை காத்திருக்க வேண்டும். வாசித்ததைக் காட்டும் நீல டிக்கை ஒருவர் அமைப்பில் நிறுத்திவைத்திருந்தாலும், குரல் பதிவைக் கேட்டுவிட்டால் அது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். அதாவது மறைந்திருக்க அவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபடுகிறது.

அனுப்பத்தான் வேண்டுமென்றால் அரை நிமிடத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேலே "கேட்க அவசரமில்லை, சும்மா வாழ்த்துத்தான்" என்று எழுத்தில் ஒரு வரி போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அவர் அதை அப்படியே விட்டுவைக்க முடியும்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவதா, தனியாகவா?

குழுவில் ஒருவர் "விரைவில் குணமடைய வேண்டுகிறோம்" என்று போட்டதும் அதன் கீழே அறுபது பேர் கைகூப்பும் படத்தை வைப்பது நமது வழக்கம். நோயாளியின் கைபேசி அறுபது முறை அதிரும். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பதில் சொல்லாதது எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. குழுச் செய்திகளில் யார் வாசித்தார்கள் என்பதை அனுப்பியவர் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவருக்கும் குழுவில் அந்தத் திரை இல்லை. பிறகு அவர் "அனைவருக்கும் நன்றி" என்று நீண்ட செய்தி எழுத வேண்டியவராகிறார்.

எங்கள் சங்கத்தில் இறுதியில் ஒரு வழக்கத்தைப் பழகிக்கொண்டோம். செயலாளர் எல்லோருடைய பெயராலும் ஒரே ஒரு தனிச் செய்தி அனுப்புவார்: "பிரிவில் எல்லோரும் சுகம் வேண்டி நினைக்கிறோம், ஒவ்வொருவராக எழுதி உங்களைக் களைப்படைய வைக்கவில்லை." குழுவில், செய்தி போய்விட்டது என்று மட்டும் அறிவிப்போம். நெருங்கிய இருவர் மூவர் தனியாக எழுதுவார்கள், அது வேறு.

"ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்பதில் என்ன பிழை? அன்பாகத்தானே சொல்கிறோம்?

அன்புதான், ஆனால் அதில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. என்ன தேவை என்று நோயாளி யோசிக்க வேண்டும், அதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஒன்றும் வேண்டாம், நன்றி" என்று எழுதி அதை முடித்துவைப்பார்கள், பதில் எழுதிய களைப்பு மட்டும் மிச்சம்.

உதவ விரும்பினால் வீட்டாரிடம் கேட்டுவிட்டு, செய்யப்போவதைச் செய்தியாகச் சொல்லுங்கள்: "நாளை மத்தியானம் அண்ணிக்குச் சாப்பாடு நான் கொண்டுவந்து கொடுக்கிறேன், அவவிடம் கதைத்துவிட்டேன்." பார்வையாளர் நேரத்தில் வாட்டுக்கு வருவதும் இப்படியே. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றப்பட்ட ஒருவரைப் பார்க்க ஒரு வான் பிடித்து ஒன்பது பேர் போன கதை எனக்குத் தெரியும். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து எல்லோருடனும் கதைத்தாராம். வரவா என்று அவரிடமே கேட்டால் வேண்டாம் என்று சொல்ல நம்மவர்களால் முடியாது.

அவர் முஸ்லிம், நான் தமிழ். கும்பிடுகிறேன் என்று எழுதலாமா?

உங்கள் வழக்கத்தில் நீங்கள் செய்வதைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் அவருக்குப் பழக்கமான சொல் இன்னும் இதமாக இருக்கும். அம்பாறைக் கரையோரத்தில் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு "அல்லாஹ் ஷிபாவைத் தரட்டும், காக்கா" என்று எழுதுவது புதிதல்ல. அதுவும் வியங்கோளே, முதல் பதிலில் சொன்னது அப்படியே பொருந்தும். "உங்களுக்காகத் துஆச் செய்கிறோம்" என்பதும் நல்லது. "நீங்களும் துஆச் செய்யுங்க" என்று சேர்க்காதீர்கள்.

பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வாழ்த்தோடு சேர்த்துக் கேட்டால் என்ன?

வாழ்த்தோடு சேர்க்கக்கூடாது. சேர்த்த கணத்திலேயே வாழ்த்து கேள்விக்கு முகவுரையாகிவிடுகிறது, அடுத்த முறை நீங்கள் வாழ்த்தினாலும் அவர் கேள்வி எங்கே என்று தேடுவார். சிறாப்பர் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து அனுமதிக்கப்பட்ட மறுநாள் காலை, "கெதியா சுகமாகுங்கோ. பெட்டகச் சாவி எங்க?" என்று ஒருவர் அனுப்பியதை நானே பார்த்தேன். கேள்வி நியாயமானது, அன்று சம்பள நாள்.

முதலில், அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாதா என்று உண்மையாகத் தேடுங்கள். மேலதிகச் சாவி, பதில் கடமையாற்றியவர், பழைய கையளிப்புப் புத்தகம் என்று வழிகள் இருக்கும். எதுவும் இல்லையென்றால், நோயாளிக்கு எழுதாமல் வீட்டார் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒரே சொல்லில் பதில் வரக்கூடியவாறு கேட்டு, நோயாளி விழித்திருக்கும்போது கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சிறாப்பரின் மகள் பத்து நிமிடத்தில் "மேல் இலாச்சி" என்று சொல்லிவிட்டார். வாழ்த்து வேறு நாளில், வேறு செய்தியாகப் போகட்டும்.

நான் அவருடைய மேலதிகாரி. நான் எழுதுவதும் இதே மாதிரித்தானே?

சொற்கள் ஒன்றுதான், எடை வேறு. உங்கள் செய்திக்குப் பதில் எழுதாமல் இருக்க உங்களுக்குக் கீழே வேலை செய்பவரால் மிகச் சிரமப்பட்டே முடியும். ஆகவே "பதில் எதிர்பார்க்கவில்லை" என்பதோடு அவருடைய மனத்தில் ஓடும் உண்மையான கவலைக்கு முடிவொன்றைச் சொல்லுங்கள்: "உங்கள் லீவு விடயத்தைக் கிளையிடம் சொல்லிவிட்டேன், வைத்தியச் சான்றிதழை வந்த பிறகு தரலாம்." அதை உண்மையில் சொல்லிவிட்டு எழுதுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு அனுப்பாதிருப்பதும் நல்லது.

என்ன வருத்தம் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு வேறு வழியில் தெரிந்துவிட்டது.

தெரியாதவர் போலவே எழுதுங்கள். "வைத்தியசாலையில் இருக்கிறீங்கள் என்று அறிந்தேன், கெதியா சுகம் வரட்டும்" என்பது போதுமானது. நோயின் பெயரை எழுதிவிட்டால் "யார் சொன்னது?" என்று அவர் கேட்டே ஆகவேண்டும், அதுவே எல்லாவற்றிலும் வலுக்கட்டாயமான பதில். கர்ப்பப்பை, மனநலம், குடியால் வந்த ஈரல் நோய் என்பவற்றில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். நான் மேலே காட்டிய பித்தப்பை மாதிரியில் சத்திரசிகிச்சையைச் சொல்லியிருப்பது, கணவரே அதை அலுவலகத்துக்கு அறிவித்திருந்தபடியால்தான்.

எதிர்பார்க்கவில்லை என்று எழுதியும் பதில் போட்டுவிட்டார். "நன்றி தம்பி, இப்ப பரவாயில்லை" என்று. நான் என்ன செய்ய?

அந்தச் செய்தியின் மேலேயே ஓர் இதயத்தையோ கைகூப்பையோ வைத்துவிட்டு நிறுத்துங்கள். அவர் சொன்னது உங்களுக்குக் கிடைத்தது என்று அது காட்டும், புதிய செய்தி ஒன்றுக்கு அவர் பதில் தேட வேண்டியதில்லை. "பரவாயில்லை" என்பதைப் பிடித்துக்கொண்டு "அப்படியெண்டால் சாப்பாடு இறங்குதா?" என்று தொடங்கினால், நீங்கள் முன்னர் எழுதிய வரி அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும். அவரே கதையைத் தொடர்ந்தால் அது வேறு. தாராளமாகக் கதையுங்கள், முதலில் நிறுத்துபவர் அவராக இருக்கட்டும்.

இரண்டு கிழமையாகிவிட்டது. ஒரே ஒரு சாம்பல் டிக்தான் நிற்கிறது. திரும்ப எழுதலாமா, கோபமா என்று யோசனையாக இருக்கிறது.

ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி அவருடைய கைபேசிக்குப் போய்ச் சேரவேயில்லை. கைபேசி அணைந்திருக்கலாம், டேட்டா இல்லாதிருக்கலாம், வாட்டில் சார்ஜ் போட இடம் கிடைக்காமலும் இருக்கலாம். என்னுடையதைத் தாதியர் மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு நாள் முழுக்க மறந்திருந்திருக்கிறேன். இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்தது, ஆனால் திறக்கவில்லை, அல்லது வாசித்ததைக் காட்டும் அமைப்பை நிறுத்திவைத்திருக்கிறார். இவற்றில் எதிலும் கோபத்துக்கு ஆதாரம் இல்லை.

திரும்ப எழுதலாம், ஆனால் முன்னைய செய்தியைப் பற்றிப் பேசாமல் எழுதுங்கள். "முந்தி ஒரு மெசேஜ் போட்டிருந்தேன், கிடைச்சதா?" என்பது பழைய கடனுக்கு நினைவூட்டல் அனுப்புவது போன்றது. புதிதாக, கேள்வியில்லாத ஒரு வரி போதும்: "அண்ணன், நேற்று வாவிக்கரைப் பக்கம் நல்ல மழை, உங்கட யன்னலோர மேசையில தண்ணி படாமல் கோப்புகளைத் தள்ளி வைச்சிட்டேன். சுகம் கூடட்டும்." இரண்டாம் முறையும் சாம்பல் டிக்கே நின்றால், வீட்டில் ஒருவரை அழைத்து நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், கைபேசியைப் பார்க்கச் சொல்லும்படி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.